முதல் டீ சீனியர் கணக்கு: ராகிங் எதிர்ப்பு வாசகம் எழுதும் மாணவருக்கு

கேள்வி: மேடம், நான் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆகஸ்டில் வரும் ராகிங் எதிர்ப்பு வாரத்துக்காக எங்கள் துறை சார்பில் வாசகம் எழுதித் தரச் சொன்னார்கள். “ராகிங் ஒரு குற்றம், செய்தால் சிறை நிச்சயம்”, “ராகிங்கை ஒழிப்போம், மனிதம் காப்போம்”, “சீனியர் ஜூனியர் பேதமில்லை, நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்று மூன்று எழுதினேன். நண்பர்கள் “எல்லா வருஷமும் இதேதான்டா” என்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கும் சீனியர்களுக்கும் ஒன்றாகப் பொருந்தி, வந்தவர்களுக்கு ‘நம்மை வரவேற்கிறார்கள்’ என்ற எண்ணம் வருகிற மாதிரி ஒரு வாசகம் எழுத முடியுமா?

அன்புள்ள தம்பிக்கு,

முடியும். அதற்கு முன் உங்கள் மூன்று வாசகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம். அவற்றில் இருக்கிற சிக்கல் தெரிந்தால், புதியதை எங்கிருந்து தொடங்குவது என்பதும் தெரிந்துவிடும்.

முதல் வாசகம் உண்மைதான். 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் செய்தவருக்கும் அதற்குத் துணை போனவருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்கிறது அது. இந்தத் தகவல் வளாகத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் புதிதாக வந்த ஒரு பையன் நுழைவாயிலில் முதலில் படிப்பது “சிறை நிச்சயம்” என்றால் அவன் மனதில் என்ன ஓடும்? ‘இங்கே அந்த அளவுக்கு ஏதோ நடக்கிறது போலிருக்கிறது’ என்றுதான் நினைப்பான். அதைப் படிக்கிற சீனியரோ, நாம் செய்வது ராகிங்கே இல்லை, வெறும் ‘இன்ட்ரோ’ என்று நம்பிக்கொண்டிருப்பவர். ஆகவே அந்த வரி அவரைத் தொடாது. இதைச் சுவரொட்டியின் அடியில் சின்ன எழுத்தில், புகார் எண்ணோடு சேர்த்துப் போடுங்கள். தலைப்பாக வேண்டாம்.

இரண்டாவதில் ‘ஒழிப்போம், காப்போம்’ என்று முடிகிறது. யார் ஒழிக்க வேண்டும், எப்போது, எதைச் செய்து என்று அதில் எதுவும் இல்லை. மேடையில் கைதட்டு வாங்கும். இரவு எட்டு மணிக்கு விடுதி வராந்தாவில் நான்கு பேர் ஒரு பையனை நிற்க வைத்திருக்கும்போது, அந்தப் பக்கமாகப் போகிற ஐந்தாவது ஆளுக்கு இந்த வரியால் ஒரு பயனும் இல்லை.

மூன்றாவதுதான் எனக்குக் கவலை தருகிறது. நல்ல மனதோடு எழுதியிருக்கிறீர்கள், அது புரிகிறது. ஆனால் ராகிங் விசாரணைகளில் உட்கார்ந்தவர்கள் அடிக்கடி கேட்கிற வாக்கியம் இது: “நாங்க ஃபேமிலி மாதிரி மேடம், சும்மா ஜாலிக்குத்தான்.” குடும்பம் என்று சொல்லிவிட்டால் மறுக்கிறவன் குடும்பத்தை மதிக்காதவன் ஆகிவிடுகிறான். புகார் கொடுக்கிறவன் வீட்டு விஷயத்தை வெளியே சொன்னவன் ஆகிறான். ராகிங் செய்கிறவர்களே எடுத்துப் பயன்படுத்தக்கூடிய வாசகத்தை நாம் சுவரில் எழுதி வைக்கக்கூடாது.

சரி, அப்படியானால் எதை எழுதுவது? முதல் இரண்டு மூன்று வாரங்களில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வந்தவனுக்கு எதுவும் தெரியாது. மெஸ் எத்தனை மணிக்கு மூடும், எந்த லேபுக்கு எந்த ரெக்கார்ட் நோட்டு, இன்டர்னலுக்கு எந்தப் பாடத்தில் எதைப் படிப்பது, ஊருக்குப் போக எந்த பஸ் என எல்லாவற்றையும் யாரிடமாவது கேட்க வேண்டும். இவை எல்லாம் தெரிந்தவர் சீனியர். ராகிங் இந்த இடைவெளியில்தான் நுழைகிறது. “இன்ட்ரோ கொடு” என்பதில் தொடங்கும். தமிழ்வழியில் படித்து வந்த பையன் என்றால் இங்கிலீஷில் கொடுக்கச் சொல்வார்கள். அப்புறம் நிமிர்ந்து பார்க்காதே, சட்டையின் மூன்றாவது பட்டனைப் பார் என்பார்கள். பார்க்கும் இடத்திலெல்லாம் ‘விஷ்’ பண்ணச் சொல்வார்கள். ஒரு வாரத்தில் சீனியரின் ரெக்கார்ட் ஜூனியரின் மேஜையில் இருக்கும். ‘ட்ரீட் எப்போ?’ என்ற கேள்வி வரும். கடைசியில் நடக்கிற கொடுமைகள் எல்லாம் இந்தப் படிகளில் ஏறித்தான் வருகின்றன.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறைகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. சீனியருக்குக் கொடுக்கப்பட்ட படிப்பு வேலையை ஜூனியர் தலையில் கட்டுவதும் ராகிங், ஜூனியரைப் பணம் செலவழிக்க வைப்பதும் ராகிங். 2016-ல் சேர்த்த திருத்தம், சாதி, மதம், நிறம், தோற்றம், பேசும் மொழி, பிறந்த ஊர், குடும்பத்தின் பொருளாதார நிலை ஆகியவற்றை வைத்துத் துன்புறுத்துவதையும் இதில் அடக்குகிறது. ஆகவே ‘இங்கிலீஷில் இன்ட்ரோ’ சாதாரண விளையாட்டு இல்லை.

நல்ல வாசகம் இந்த முதல் படியிலேயே குறுக்கே நிற்க வேண்டும். அதற்கு நான் வைக்கிற சோதனை ஒன்றுதான்: அந்த வரியை ஒரு ஆள் இன்னொரு ஆளிடம் வாயால் சொல்ல முடியுமா? “மனிதம் காப்போம்” என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. “வா, டீக்குப் போகலாம்” என்று தினமும் சொல்கிறார்கள்.

உங்கள் துறைக்கு நான் பரிந்துரைப்பதும் அதைத்தான்.

முதல் டீ சீனியர் கணக்கு!
வா, டீக்குப் போகலாம்.

முதல் வரி சீனியரைப் பார்த்துப் பேசுகிறது, அவர் செய்ய வேண்டிய ஒரு சின்னக் காரியத்தைச் சொல்கிறது. ஜூனியரிடம் ட்ரீட் கேட்கிற பழக்கத்தை அப்படியே திருப்பிப் போடுகிறது. புதிதாக வந்தவன் படித்தால், இங்கே தனக்கு ஒன்று வரவேண்டியிருக்கிறது என்று தெரிந்துகொள்கிறான். மிரட்டலும் இல்லை, உபதேசமும் இல்லை. சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், நான்கே சொல், ஓடுகிற கல்லூரி பஸ்ஸிலிருந்தும் படித்துவிடலாம்.

இரண்டாவது வரிக்கு இரண்டு வேலை. வரவேற்பு என்பது ஒன்று. இன்னொன்று எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ராகிங் நடக்கிற இடத்தில் செய்கிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள், பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் அதைவிட அதிகம். நிற்பவர்களில் பலருக்கு அது பிடிக்காது. ஆனால் “டேய் விடுடா” என்று எதிர்த்துச் சொல்ல வகுப்புத் தோழன் என்ற தயக்கம், சண்டையாகிவிடுமோ என்ற பயம். அவர்களுக்குச் சண்டை போடாமல் சொல்லக்கூடிய ஒரு வாக்கியம் தேவை. நிற்கிற பையனின் தோளில் கை வைத்து, “தம்பி, வா டீக்குப் போகலாம்” என்று கூட்டிக்கொண்டு நடந்துவிடலாம். யாரையும் குற்றம் சொல்லவில்லை, விவாதம் இல்லை, பையன் மட்டும் அந்த இடத்தில் இல்லை. அதே வாக்கியம் வளாகம் முழுக்க எழுதியிருக்கும்போது, சொல்கிறவருக்குப் பின்னால் கல்லூரியே நிற்கிற தைரியம் இருக்கும். ராகிங் செய்கிறவருக்கும் ‘இவன் எதற்கு வந்திருக்கிறான்’ என்று புரிந்துவிடும். மாணவியர் விடுதியில் “வாம்மா, டீக்குப் போகலாம்” என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கென்று தனியாக ஒரு வரியும் வேண்டும். இங்கே பலர் “தைரியமாக இரு, மறுத்துப் பேசு” என்று எழுதிவிடுகிறார்கள். பதினேழு பதினெட்டு வயதில், தெரியாத ஊரில், ஐந்து பேருக்கு முன்னால் நிற்கிறவனிடம் தைரியத்தைக் கேட்பது நியாயம் இல்லை. தைரியம் வரவில்லை என்றால் தப்பு தன்னுடையதுதான் என்றும் அவன் எடுத்துக்கொள்வான். அதனால் நான் இப்படி எழுதுவேன்:

பிடிக்கலையா? எழுந்து போகலாம். காரணம் சொல்ல வேண்டாம்.

அதன் கீழே 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணையும், உங்கள் கல்லூரி ராகிங் தடுப்புக் குழு ஆசிரியர் ஒருவரின் கைபேசி எண்ணையும் போடுங்கள். உதவி எண் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, பெற்றோரும் நண்பர்களும்கூட அதில் அழைக்கலாம். ஆசிரியரின் எண்ணை அச்சுக்குக் கொடுக்கும் முன் நீங்களே ஒருமுறை அழைத்து, அவர் எடுக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள். மாற்றலாகிப் போனவரின் எண் சுவரில் அப்படியே இருக்கிற கல்லூரிகள் உண்டு.

இந்த வாசகங்கள் தமிழில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். வெளிமாநில மாணவர்கள் இருந்தால் ஆங்கிலத்திலும் ஒரு பிரதி போதும். எங்கே ஒட்டுவது என்பதில் கொஞ்சம் யோசியுங்கள். எல்லாரும் நுழைவாயிலிலும் கருத்தரங்கக் கூடத்திலும் ஒட்டுகிறார்கள், அந்த இரண்டு இடத்திலும் ராகிங் நடப்பதில்லை. சீனியருக்கான வரியைக் கேன்டீன் கல்லாப் பக்கத்திலும் சீனியர் விடுதி மெஸ்ஸிலும் ஒட்டுங்கள். “எழுந்து போகலாம்” என்பதைக் கல்லூரி பஸ்ஸின் பின் சீட்டுகளுக்கு நேர் மேலேயும், முதலாண்டு விடுதி அறைக் கதவுகளின் உட்பக்கத்திலும், கழிப்பறைக் கண்ணாடிக்கு அருகிலும் ஒட்டுங்கள். தனியாக இருக்கும்போதுதான் அந்தப் பையன் எண்ணைக் குறித்துக்கொள்வான்.

இனி வாசகத்தை உண்மையாக்குகிற ஏற்பாடு. ‘முதல் டீ சீனியர் கணக்கு’ என்று எழுதிவிட்டு யாரும் டீ வாங்கிக் கொடுக்கவில்லை என்றால், இரண்டே நாளில் அது வளாகத்தின் கேலிப் பேச்சாகிவிடும். எழுதாமலே இருந்திருக்கலாம் என்றாகிவிடும்.

விதிமுறைகளிலேயே இதற்கு வழி இருக்கிறது. ஏறக்குறைய ஆறு புதிய மாணவர்களுக்கு ஒரு சீனியர் வழிகாட்டி இருக்க வேண்டும், அந்த வழிகாட்டிகள் ஆறு பேருக்கு மேலே இன்னும் மூத்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. பல கல்லூரிகளில் இது கோப்பில் மட்டும் இருக்கும். உங்கள் துறையில் 60 பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து வழிகாட்டிகள் வேண்டும். டீ 15 ரூபாய் என்றால் ஒருவருக்குத் தன் டீயும் சேர்த்து ஏழு டீ, 105 ரூபாய். பத்துப் பேருக்கும் சேர்த்து 1,050 ரூபாய். இதை வழிகாட்டிகளின் சொந்தப் பையிலிருந்து எடுக்க விடாதீர்கள், கஷ்டப்பட்டுப் படிக்கிற சீனியர் ஒதுங்கிக்கொள்வார். துறைச் சங்க நிதியிலிருந்து கொடுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். சங்கச் சந்தா என்று முதலாண்டு மாணவர்களிடம் ஏற்கெனவே வசூலித்த பணமாக அது இருந்தால், அவர்கள் பணத்திலேயே அவர்களுக்கு டீ கொடுத்ததாகிவிடும். இரண்டு, மூன்று, நான்காம் ஆண்டு மாணவர்களின் சந்தாவிலிருந்து மட்டும் எடுங்கள். கேன்டீனில் முன்பணம் கட்டி, 70 டோக்கன் வாங்கிக்கொள்வது எளிது.

பத்து வழிகாட்டிகளில் பாதிப் பேராவது இரண்டாம் ஆண்டு மாணவர்களாக இருக்கட்டும். உங்கள் வகுப்பிலிருந்தே எல்லாரையும் எடுத்துவிடாதீர்கள். ராகிங்கில் அதிகம் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டுதான். போன வருடம் வாங்கியதை இந்த வருடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமும், ‘நாங்களும் இப்போது சீனியர்’ என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் அவர்களிடம் இருக்கும். அந்த ஆசையில் தப்பில்லை, அது போக நல்ல வழி ஒன்று வேண்டும். கையில் டோக்கனோடு ஆறு பேரை அழைத்துப் போய், ‘அண்ணா, லேபுக்கு எந்த நோட்டு வாங்கணும்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறவனுக்கு, தான் சீனியர் என்ற உணர்வு நன்றாகவே கிடைக்கும். அவர்களிடம் போன வருடம் என்ன நடந்தது என்று உட்கார வைத்துக் கேட்டுவிட்டு அப்புறம் பொறுப்பைக் கொடுங்கள். கேட்கப்படாத மனக்குறையோடு வழிகாட்டியாக வருகிறவர் சிக்கலைக் கொண்டுவருவார்.

டீக்கு அழைத்துப் போகும் அந்த அரை மணி நேரத்துக்கு மூன்றே விதிகள் போதும். பகலில், கல்லூரிக் கேன்டீனில் மட்டும். ‘டீக்குப் போகலாம்’ என்று விடுதி அறைக்கோ வெளியில் உள்ள கடைக்கோ அழைத்துப் போகக்கூடாது, இந்த வாசகம் தப்பாகப் பயன்படக்கூடிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. இரண்டாவது, சீனியர் முதலில் தன் பெயர், ஊர், தன் முதல் வாரத்தில் எதைக் கண்டு பயந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். ஜூனியர் பெயரைத் தவிர வேறெதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மூன்றாவது, மதிப்பெண், அப்பா என்ன வேலை, எந்த ஆளுங்க, காதலி உண்டா என்ற நான்கு கேள்விகளும் கிடையாது. ஆறு பேரைப் பிரிக்கும்போது ஊர் வாரியாகவோ பள்ளி வாரியாகவோ பிரிக்காமல் வருகைப் பதிவேட்டு வரிசையில் பிரித்துவிடுங்கள். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்கிறவர்களையும் ஒரு குழுவில் சேருங்கள். வகுப்பில் எல்லாரும் ஏற்கெனவே நண்பர்களாக இருக்க, இவர்கள் மட்டும் தனியாக வந்து நிற்பார்கள். எந்தச் சுவரொட்டியும் இவர்களைப் பார்த்துப் பேசுவதில்லை.

தேதியையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 12 ராகிங் எதிர்ப்பு நாள், 18 வரை வாரம். கலந்தாய்வு தள்ளிப்போகிற வருடங்களில் முதலாண்டு வகுப்புகள் அதற்குப் பிறகே தொடங்கும். அப்படியானால் வாரத்தில் சீனியர்களுக்கு மட்டும் வாசகத்தை அறிமுகப்படுத்தி வழிகாட்டிகளைத் தயார் செய்துகொண்டு, டீயை முதல் வகுப்பு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புகைப்படம் எடுத்து அறிக்கை அனுப்புகிற அவசரத்தில் வராத ஜூனியர்களுக்கு வரவேற்பு நடத்த வேண்டாம்.

சுவரில் எதை ஒட்டினாலும், பாதி விஷயம் இப்போது கைபேசியில் நடக்கிறது. சீனியர்கள் ஆரம்பிக்கிற வாட்ஸ்அப் குழுவில் ஜூனியர்களைச் சேர்த்து, இரவில் ‘வேலை’ கொடுப்பதும், பதில் சொல்லாதவனை ஒதுக்கி வைப்பதும் நடக்கின்றன. இதுவும் ராகிங்தான் என்று மானியக் குழு 2025-ல் கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. வழிகாட்டிகள் தனிக் குழு தொடங்கினால் அதில் ஒரு ஆசிரியரும் இருக்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

வாசகம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? முதல் மூன்று மாதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பெயர் கேட்காமல் முதலாண்டு மாணவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பதும் விதிமுறையில் இருக்கிறது. பெரும்பாலும் “ராகிங் நடந்ததா? ஆம் / இல்லை” என்று ஒரு தாளைக் கொடுப்பார்கள், எல்லாரும் ‘இல்லை’ என்று எழுதுவார்கள். உங்கள் துறை ஆசிரியரிடம் பேசி வேறு இரண்டு கேள்விகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். ‘ஒரு உதவி வேண்டுமென்றால் தயங்காமல் கேட்கக்கூடிய சீனியர் ஒருவராவது இருக்கிறாரா?’ என்பது ஒன்று. ‘வளாகத்தில் நீங்கள் போகாமல் தவிர்க்கிற இடம் எது, எந்த நேரத்தில்?’ என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள் மிகப் பயனுள்ளவை. ஏழெட்டுப் பேர் ‘பஸ்ஸில் பின்பக்கம்’ என்றோ, ‘மெஸ்ஸில் எட்டரை மணிக்கு மேல்’ என்றோ எழுதியிருந்தால் என்ன நடக்கிறதென்று யாரும் புகார் எழுதத் தேவையில்லை. ராகிங் தடுப்புப் படை மறுநாள் அங்கே, அந்த நேரத்துக்குப் போய் நின்றால் போதும்.

கடைசியாக ஒன்று. இந்த ஏற்பாடு நன்றாக நடந்தால், டீ குடிக்கும்போது ஒரு பையன் உங்களிடம் மெதுவாக, ‘அண்ணா, ஒன்று சொல்லணும்’ என்று ஆரம்பிப்பான். அடித்தார்கள், துணியைக் கழற்றச் சொன்னார்கள், பணம் பறித்தார்கள் என்கிற மாதிரி ஏதாவது சொன்னால், அது வாசகத்தாலோ வழிகாட்டியாலோ தீர்கிற விஷயம் இல்லை. நீங்களே அந்த சீனியரைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். ‘மன்னிப்புக் கேட்க வைக்கிறேன், முடித்துக்கொள்’ என்று சமரசமும் பேசாதீர்கள். நீங்கள் பேசிய செய்தி அன்றிரவே அந்தக் கூட்டத்துக்குப் போய்விடும், அப்புறம் அந்தப் பையன் இன்னும் தனியாகிவிடுவான். அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே, தேதியும் இடமும் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றே அவனோடு சேர்ந்து தடுப்புக் குழு ஆசிரியரிடம் போங்கள். தண்டனைக்குரிய குற்றம் என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் புகார் பதிய வேண்டிய பொறுப்பு கல்லூரித் தலைமைக்கு இருக்கிறது. அன்றிரவு அவன் எந்த அறையில், யாரோடு தங்குகிறான் என்பதை விடுதிக் காப்பாளரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு நீங்கள் வீட்டுக்குக் கிளம்புங்கள்.